பொங்கல் கோலப் போட்டி: படம் 3ஆ படம் 7ஆ? மடிச்சுப் பார்த்தா ஒண்ணு, திருப்பிப் பார்த்தா ஒண்ணு வருது

வாசல்தெளி
எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மெண்ட்ல இந்த தடவை கோலப் போட்டியை போட்டோ வழியா வச்சோம், ஒரே நாள்ல எல்லா வாசலுக்கும் நடுவர்கள் போக முடியாதுன்னு. மொத்தம் 22 படம் வந்துச்சு. சமச்சீருக்கு 10, சிக்கலுக்கு 10, சுத்தத்துக்கு 10, அவ்வளவுதான் விதி. இப்ப கடைசியா ரெண்டு படம் நிக்குது, அதுல எனக்கு உங்க உதவி வேணும்.

படம் 3: ஊடுபுள்ளி, 15ல ஆரம்பிச்சு 8ல நிறுத்தினது. ஆறு தாமரை சுத்தி, நடுவுல ஒரு விளக்கு மாதிரி பூ, கலர் பொடி போட்டிருக்காங்க.
படம் 7: 13க்கு 13 நேர்ப்புள்ளி, சிக்குக்கோலம், வெறும் வெள்ளை, சுத்தி காவி பட்டை. "ஒரே இழை"ன்னு அனுப்பினவங்க எழுதியிருக்காங்க.

முதல் நடுவர் படம் 7ஐ போன்ல இடம் வலமா புரட்டி அசல் மேல வச்சுப் பார்த்திருக்கார், பாதி கோடு பொருந்தல, சமச்சீருக்கு 4 போட்டுட்டார். படம் 3க்கு 9. ரெண்டாவது நடுவர் நேர் எதிரா போட்டிருக்காங்க. சிக்கலுக்கு புள்ளி எண்ணிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன், 13க்கு 13ன்னா 169, ஊடுபுள்ளியை வரிசை வரிசையா கூட்டினா அதுவும் 169! ரெண்டுமே ஒரே எண்ணிக்கை. இப்ப எதை வச்சு பிரிக்கிறது?

மதுரைக்காரி
இதுல என்ன குழப்பம், சமச்சீர்னா நடுவுல மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும், ஸ்கூல்ல அப்படித்தான சொல்லிக் கொடுத்தாங்க. உக்காரலைன்னா மார்க் கிடையாது. முதல் நடுவர் செஞ்சது சரிதான். அதுவும் போக படம் 3ல கலர் எவ்வளவு வேலை, அதுக்குத்தான் பரிசு போகணும்.

காவேரிக்கரை
மதுரை தங்கச்சி, நீ சொல்றது பாதி சரி. மடிச்சா பொருந்தறது ஒரு வகை. இன்னொரு வகை இருக்கு, கோலத்தை நடுப்புள்ளியில ஆணி அடிச்சாப்ல வச்சு கால் சுத்து திருப்பு, அப்ப அசல் மாதிரியே தெரியணும். சிக்குக்கோலத்துல நிறைய இந்த ரெண்டாவது வகைதான். காத்தாடி இருக்கு பாரு, நாலு இறக்கை காகிதக் காத்தாடி, அதை மடிச்சா பொருந்துமா? பொருந்தாது. ஆனா அதைப் பார்த்து கோணலா இருக்குன்னு யாராவது சொல்லுவாங்களா?

படம் 7 பார்த்த உடனே எனக்கு அப்படித்தான் தோணுச்சு. புரட்டிப் பார்க்காதீங்க, திருப்பிப் பாருங்க. வாசல்தெளி, போட்டோவை பெருசா ரெண்டு காப்பி எடுத்துக்கோ, ஒண்ணு சாதா பேப்பர், ஒண்ணு பட்டர் பேப்பர். நடுப்புள்ளியில குண்டூசி குத்தி ஜன்னல் கண்ணாடியில வச்சு மேல் பேப்பரை கால் சுத்து திருப்பு. எங்க கோடு ரெண்டு ரெண்டா தெரியுதோ அங்கதான் தப்பு, ஒரு தப்பு இருந்தா ரெண்டு இடத்துல தெரியும், கீழ் பேப்பர்ல ஒண்ணு, திருப்பின மேல் பேப்பர்ல ஒண்ணு. படம் 3க்கும் இதையே செய், ஆனா அது ஆறு பக்கம் உள்ளது, கால் சுத்து திருப்பினா பொருந்தாது, ஆறுல ஒரு பங்கு சுத்து திருப்பணும்.

ஜெயந்தி பெங்களூரு
நானும் இதே மாதிரி ஒரு போட்டியில தோத்தேன். மயில் ரங்கோலி, தோகையில ஒவ்வொரு கண்ணுக்கும் மூணு ஷேடு, அஞ்சு மணி நேரம் முதுகு ஒடிய உக்காந்து போட்டேன், "சமச்சீர் இல்லை"ன்னு ஆறுதல் பரிசு கூட குடுக்கல. மயிலுக்கு எப்படி சமச்சீர் வரும்? அது ஒரு பக்கம்தானே திரும்பி நிக்கும்? அப்ப எல்லா ரங்கோலிக்கும் இது அநியாயம் இல்லையா?

காவேரிக்கரை
ஜெயந்திம்மா, உன் வருத்தம் நியாயம், ஆனா அது உன் கோலத்து குறை இல்ல, போட்டி விதியோட குறை. ஓவியம் மாதிரி போடற ரங்கோலியையும் புள்ளிக்கோலத்தையும் ஒரே பட்டியல்ல வச்சா இப்படித்தான் ஆகும். ரெண்டையும் தனித்தனியா பிரிச்சிருக்கணும்.

கோவை ரவி
நானுங்க கல்யாண போட்டோ எடுக்கறவன், கோலம் போடத் தெரியாது, ஆனா போட்டோவைப் பத்தி சொல்லலாங்க. நீங்க திருப்பிப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாக்கணும். வாசப்படியில நின்னுக்கிட்டு போனை சாய்ச்சு எடுத்த படம்னா கிட்ட இருக்கற பக்கம் அகலமாவும் தள்ளி இருக்கற பக்கம் குறுகலாவும்தான் விழும். கோலம் நேரா இருந்தாலும் படத்துல சமச்சீர் இருக்காதுங்க. அதைத் திருப்பி வச்சா எல்லா கோடும் ரெண்டாத்தான் தெரியும், பாவம் போட்டவங்க மேல பழி விழும்.

பிரிண்ட்ல கீழ் வரிசை 13 புள்ளியையும் மேல் வரிசை 13 புள்ளியையும் ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. வித்தியாசம் இருந்தா சரி பண்ணிக்கலாம், போன்லயே படத்தை இழுத்து நேராக்கற வசதி இருக்கு, ஸ்னாப்சீட்ல பெர்ஸ்பெக்டிவ்னு ஒண்ணு இருக்கு. நாலு மூலைப் புள்ளியையும் சதுரமா வர்ற மாதிரி இழுத்து விட்டுட்டீங்கன்னா முடிஞ்சது.

வாசல்தெளி
ரவி சார், அளந்தேன். படம் 7ல கீழ் வரிசை 9.1 செமீ, மேல் வரிசை 7.6 செமீ. நீங்க சொன்ன மாதிரியேதான், சாய்ச்சு எடுத்திருக்காங்க. படம் 3 மாடியிலேர்ந்து எடுத்தது போல, ஏறக்குறைய நேரா இருக்கு.

அப்ப ஒரு பக்கமா தள்ளி நின்னும் எடுத்திருந்தா, முதல் நடுவருக்கு பொருந்தாம போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ல. நாலு மூலைப் புள்ளியை இழுத்து சதுரமாக்கி மறுபடி பிரிண்ட் எடுக்கறேன்.

தாம்பரத்து தம்பி
ஒரு நிமிஷம், மூலைப் புள்ளியை வச்சு இழுக்காதீங்க. போட்டவங்க நெசமாவே புள்ளியை கோணலா வச்சிருந்தா? ஒரு பக்கம் மூணு அடி, இன்னொரு பக்கம் மூணேகால் அடின்னு இருந்தா? நீங்க அந்தப் புள்ளியையே சதுரமாக்கிட்டா அவங்க தப்பு படத்துலேர்ந்து காணாமப் போயிடும். கோலத்துக்கு வெளியில இருக்கற எதையாவது வச்சு நேராக்கணும். தரையில டைல்ஸ் தெரியுதா? டைல்ஸ் இணைப்புக் கோடு நேரா சதுரமா வர்ற வரைக்கும் இழுங்க, அப்புறம் புள்ளியை அளங்க.

கோவை ரவி
தம்பி சொல்றது சரிங்க, எனக்கு அது தோணல. டைல்ஸை வச்சு இழுக்கறதுதான் முறை. வெறும் சிமெண்ட் தரைன்னா கோலம் பக்கத்துல ஒரு நியூஸ்பேப்பரை விரிச்சு வச்சு சேர்த்து எடுக்கச் சொல்லலாம், அது நீளம் அகலம் தெரிஞ்ச பொருள். இன்னொண்ணு, கிட்ட நின்னு எல்லாத்தையும் அடக்கணும்னு 0.5ல எடுத்தா ஓரக் கோடு எல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சுடும், அதை இழுத்தெல்லாம் சரி பண்ண முடியாது. ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சாதா லென்ஸ்ல எடுக்கறதுதான் நல்லது.

தஞ்சை மீனா
போட்டோன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது. நான் அரிசி ஊறவச்சு அரைச்சு துணியில நனைச்சு இழைக்கோலம் போடறவ. போன வருஷம் போட்ட கையோட போட்டோ எடுத்து அனுப்பிட்டேன், படத்துல கோடே தெரியல, சாம்பலா மங்கலா இருந்துச்சு. ஈரமாக்கோலம் காய்ஞ்சாதான் வெளுக்கும், குறைஞ்சது அரை மணி நேரம் விடணும்னு எனக்கே தெரியும், அவசரத்துல மறந்துட்டேன். வாசல்தெளி, உங்க 22 படத்துல மாக்கோலம் ஏதாவது மங்கலா இருந்தா சுத்தத்துல மார்க் குறைச்சிடாதீங்க, திரும்ப ஒரு படம் கேளுங்க.

வாசல்தெளி
மீனா அக்கா, ரெண்டு படம் அப்படி இருக்கு, இப்பவே மெசேஜ் போடறேன்.

படம் 7 விஷயம்: டைல்ஸ் கோட்டை வச்சு நேராக்கினேன். இப்ப கீழ் வரிசை 8.4, மேல் வரிசை 8.3. அதாவது புள்ளி நல்லாவே சதுரமா வச்சிருக்காங்க. காவேரிக்கரை அம்மா சொன்ன மாதிரி குண்டூசி குத்தி ஜன்னல்ல வச்சு திருப்பினேன். அப்படியே உக்காந்துச்சு!! என் பொண்ணு கூட பக்கத்துல நின்னு பார்த்தா. ஆனா ரெண்டே இடத்துல மட்டும் கோடு ரெண்டா தெரியுது, கீழ் பேப்பர்ல வலது மேல் மூலையிலேர்ந்து உள்ளே நாலாவது வரிசையில ஒண்ணு, மேல் பேப்பர்ல அதே இடம் திரும்பி வந்த மூலையில இன்னொண்ணு. அது என்னன்னு தெரியல.

மதுரைக்காரி
சரி, திருப்பினா பொருந்துதுன்னு ஒத்துக்கறேன். ஆனா அம்மா, ஒரு சந்தேகம். மடிச்சாலும் பொருந்தணும் திருப்பினாலும் பொருந்தணும்னு படம் 3 ரெண்டுலயும் பாஸ் ஆகுதே. அப்ப அதுக்குத்தான கூட மார்க்? படம் 7 ஒண்ணுலதான பாஸ்?

காவேரிக்கரை
நல்ல கேள்வி கேட்ட. இதுக்கு பதில் சொல்லணும்னா அந்த ஒரே இழை எப்படி வருதுன்னு சொல்லணும், கொஞ்சம் பொறுமையா படி.

5க்கு 4 புள்ளி வை. பக்கத்துப் பக்கத்து புள்ளிக்கு நடுவுல எல்லா இடத்துலயும் கோடு ஒண்ணை ஒண்ணு குறுக்க தாண்டற மாதிரி, ஓரத்துல மட்டும் வளைச்சு திருப்பிப் போடு. ஒரே இழையில முடிஞ்சிடும். இப்ப 5க்கு 5 வச்சு அதே மாதிரி போடு. கை ஒரு இடத்துல ஆரம்பிச்சு சீக்கிரமே ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும், பாதி புள்ளி சும்மா நிக்கும், மொத்தம் 5 தனி இழை வரும். 6க்கு 4ன்னா 2. ரெண்டு எண்ணையும் மீதி இல்லாம வகுக்கற பெரிய எண் எதுவோ அத்தனை இழை. நான் 30 வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன், பிள்ளைங்களுக்கு மீப்பெரு பொது வகுத்தியை இப்படித்தான் கரும்பலகையில போட்டுக் காட்டுவேன்.

அப்ப 13க்கு 13ன்னா? சும்மா போட்டா 13 இழை. அதை ஒண்ணாக்கணும்னா, ரெண்டு வேற வேற இழை குறுக்க தாண்டற இடத்துல தாண்ட விடாம ரெண்டையும் முதுகு காட்டி திருப்பி விடணும், அப்ப அந்த ரெண்டும் ஒண்ணா சேர்ந்துடும். ஒரு வெட்டுக்கு ஒரு இழைதான் குறையும். 13ஐ 1 ஆக்க குறைஞ்சது 12 வெட்டு. சமச்சீர் போகக் கூடாதுன்னா ஒரு மூலையில வெட்டினதை மத்த மூணு மூலையிலயும் அதே கணக்குல வெட்டணும், அதாவது நாலு நாலா மூணு தடவை. இந்த வெட்டை மடிச்சாலும் பொருந்தற மாதிரி வைக்கலாம்தான், ஆனா அப்படி வச்சா பெரும்பாலும் ஒரே இழையா நிக்காது, நடுவுல ஒரு வளையம் தனியா கழண்டு நிக்கும். என் கையால எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கேன். அதனாலதான் ஒற்றை இழைக்காரங்க மடிப்பை விட்டுட்டு திருப்பத்தை மட்டும் வச்சுக்கறாங்க. அது தெரியாம விட்டது இல்ல, தெரிஞ்சே விட்டது. அதுக்கு மார்க் குறைச்சா ஒரே இழை போட்டதுக்கே தண்டனை குடுத்த மாதிரி.

தாம்பரத்து தம்பி
அம்மா சூப்பர். எங்க ஊர்ல இருக்கற சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974லயே கோலத்துக்கு இலக்கண விதி எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க, கம்ப்யூட்டர் மொழிக்கு எழுதற மாதிரி விதி. நான் அந்தப் பேப்பரைப் பார்த்துதான் சிக்குக்கோலத்து மேலயே ஆர்வம் வந்து கத்துக்கிட்டேன்.

வாசல்தெளி, அந்த வலது மேல் இடத்தை ஜூம் பண்ணி பாத்தீங்களா? மத்த மூணு மூலையில அதே இடத்துல கோடு தாண்டுதா திரும்புதா? ஒரு வேலை செய்ங்க. பிரிண்ட்ல மூலைப் புள்ளியிலேர்ந்து சிவப்பு பென்சில் வச்சு இழை மேலேயே போங்க. குறுக்க வர்ற இடத்துல எப்பவும் நேரா போகணும், திரும்பக் கூடாது, இதுலதான் நிறைய பேர் தப்பு பண்ணுவாங்க. ஆரம்பிச்ச இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, சிவப்பு படாத கோடு எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க.

வாசல்தெளி
நாற்பது நிமிஷம் ஆச்சு, ரெண்டு தடவை வழி தவறி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். மிச்சம் இருக்கு! வலது மேல் பக்கத்துல ஒரு சின்ன வளையம், 11 புள்ளியைச் சுத்தி, சிவப்பு படாம தனியா நிக்குது. அது தொடங்கற இடம் அந்த ரெண்டா தெரிஞ்ச இடமேதான். மத்த மூணு மூலையில அந்த இடத்துல கோடு குறுக்க தாண்டுது, இங்க மட்டும் திரும்பியிருக்கு. அதாவது ஒரே இழை இல்ல, ரெண்டு இழை.

மனசுக்கு கஷ்டமா இருக்கு, அவங்க ஒரே இழைன்னு நம்பித்தான் அனுப்பியிருக்காங்க.

கோவை ரவி
பொடி கலைஞ்சு அப்படி ஆகியிருக்காதுங்களா? காலையில நாய் ஓடியிருக்கும், பைக் போயிருக்கும்.

வாசல்தெளி
இல்ல சார், பெருசாக்கிப் பார்த்தேன். கலைஞ்ச இடம்னா வெள்ளை தூள் பரவி ஓரம் மங்கியிருக்கும். இங்க ரெண்டு வளைவும் நல்லா உருண்டையா, ஓரம் கூர்மையா, கோட்டு தடிமன் மத்த இடம் மாதிரியே இருக்கு. கையால போட்டதுதான்.

காவேரிக்கரை
கை பழக்கத்துல நடந்திருக்கும். பன்னிரண்டு இடத்துல திருப்பி வர்ற கை, பதிமூணாவதா ஒரு இடத்துலயும் திருப்பிடுச்சு. 13க்கு 13ல பக்கத்துப் பக்கத்து புள்ளிக்கு நடுவுல மொத்தம் 312 இடைவெளி, ஒவ்வொண்ணுலயும் தாண்டறதா திரும்பறதான்னு கை முடிவு பண்ணணும். 311 சரி, ஒண்ணு தப்பு. இதைத்தான் நான் சிக்கல்னு சொல்லுவேன், புள்ளி 169ங்கறது ஒண்ணுமே சொல்லாது. படம் 3ல ஒரு தாமரையைப் பழகிட்டா மத்த அஞ்சும் அதே, ஒரு பங்குக்குள்ள தொடங்கினது அங்கேயே முடிஞ்சிடும். சிக்குல இழை நாலு பங்குக்கும் போய்ப் போய் வரும், எங்க இருக்கோம்னு மனசுல வச்சிருக்கணும்.

மதுரைக்காரி
அம்மா, இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தாமரை இதழ் வளைவுக்கு பிடிமானமே கிடையாது, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கறப்ப வயிறு எவ்வளவு வரணும்னு கண்ணு அளவுதான். ஆறு தாமரை, அதுல எல்லா இதழும் ஒரே வயிறா வரணும். சிக்குல ரெண்டு புள்ளிக்கு நடுவுல போனா போதும், கோடு தானா அளவா நிக்கும். அது மூளைக்கு வேலை, இது கைக்கு வேலை. கை வேலை மட்டமா?

காவேரிக்கரை
மட்டம்னு சொல்லல தங்கச்சி. அந்த கை வேலைக்கு மார்க் சுத்தத்துல வரணும், சிக்கல்ல இல்லங்கறதுதான் என் எண்ணம். நீ சொல்றதுலயும் உண்மை இருக்கு.

வாசல்தெளி, படம் 3ஐ திருப்பிப் பார்த்தியா?

வாசல்தெளி
பார்த்தேன்மா. கோடு எல்லாம் ஏறக்குறைய உக்காருது. ஆனா ஆறு தாமரையில அஞ்சுல இதழுக்குள்ள ரெட்டைக் கோடு, கீழ் இடது தாமரையில ரெண்டு இதழ்ல ஒத்தைக் கோடுதான் இருக்கு, அது மேல கலர் தூவிட்டதால சும்மா பார்த்தா தெரியல. அப்புறம் கலர், ரோஸ் மஞ்சள் ரோஸ் மஞ்சள்னு மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. அதனால ஆறுல ஒரு பங்கு திருப்பினா ரோஸ் மேல மஞ்சள் வருது, மூணுல ஒரு பங்கு திருப்பினாத்தான் கலரும் பொருந்துது. இதை தப்புன்னு எடுக்கணுமா?

தாம்பரத்து தம்பி
கலரை தப்புன்னு எடுக்காதீங்க, அது ஒழுங்கா மாறி வருது, திட்டம் போட்டுதான் செஞ்சிருக்காங்க. விட்டுப்போன கோடுதான் தப்பு.

ஜெயந்தி பெங்களூரு
சுத்தம்னு சொல்றீங்களே, அதை போட்டோல எப்படி பார்ப்பீங்க? எங்க பக்கத்துல சிலர் கோலக்குழாய் உருட்டி பார்டர் போட்டுட்டு கையால போட்டதுன்னு அனுப்பறாங்க. அதெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?

காவேரிக்கரை
முடியும்மா. குழாய் ஒரு சுத்து உருண்டதும் அதே டிசைன் திரும்ப வரும், அதுல ஒரு ஓட்டை அடைச்சிருந்தா அந்த விட்டுப்போன புள்ளியும் சரியா அதே தூரத்துல திரும்பத் திரும்ப வரும். கையால போட்டதுல தப்பு அப்படி வரிசையா வராது.

கைக்கோலத்துல நான் பார்க்கறது பொடி எடுத்துட்டு வந்து கை திரும்ப ஒட்டற இடம். யாரும் 169 புள்ளிக்கோலத்தை ஒரே பிடி பொடியில போட முடியாது, நடுவுல கை எடுத்துத்தான் ஆகணும், ஒரே இழைங்கறது கோட்டைப் பத்தினது, கை எடுக்கறதைப் பத்தினது இல்ல. நல்ல கையா இருந்தா ஒட்டற இடம் தெரியாது. பழகாத கையா இருந்தா அங்க ஒரு சின்ன மொட்டு மாதிரி பொடி குவிஞ்சிருக்கும், இல்ல கோடு நூலளவு விலகி ரெட்டையா இருக்கும். அப்புறம் புள்ளி அந்த கட்டத்துக்கு நடுவுல இருக்கா, கோட்டுல இடிக்குதான்னு பாரு. மூலையில பத்து புள்ளி, நடுவுல பத்து புள்ளி பார்த்தாலே போதும், முதல்ல போட்டது நல்லா இருந்து கடைசியில போட்டது தளர்ந்திருக்கும், கை வலிக்கிறது அங்க தெரியும்.

வாசல்தெளி
இப்பவே பார்த்தேன். படம் 7ல நடுவுல ஒட்டு எங்கன்னே தெரியல, மேல் ரெண்டு வரிசையில மட்டும் மொட்டு மொட்டா நாலு இடம். படம் 3ல கோடு தடிமன் ஒரே மாதிரி, ஆனா ரோஸ் கலர் ரெண்டு இடத்துல கோட்டைத் தாண்டி வழிஞ்சிருக்கு.

இப்ப என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. படம் 7ல அந்த ஒரு தப்பான திருப்பம் சமச்சீரையும் கெடுக்குது, ஒரே இழைங்கறதையும் கெடுக்குது. ரெண்டு இடத்துலயும் மார்க் குறைக்கணுமா, ஒரு தடவைதானா?

மதுரைக்காரி
ரெண்டுலயும் குறைக்கணும். ஒரே இழைன்னு எழுதி அனுப்பிட்டு ரெண்டு இழை இருந்தா எப்படி.

தாம்பரத்து தம்பி
ஒரு தப்புக்கு ஒரு தடவைதான். சமச்சீர்ல ஒரு மார்க் குறைங்க, சிக்கல்ல விட்டுடுங்க, ஏன்னா 311 இடம் சரியா போட்ட சிக்கல் அங்கேயேதான் இருக்கு.

காவேரிக்கரை
நான் சமச்சீர்ல ஒண்ணு, சிக்கல்ல அரை குறைப்பேன். படம் 3ல விட்டுப்போன ரெண்டு கோட்டுக்கும் அதே மாதிரி சமச்சீர்ல ஒண்ணு குறைக்கணும், ஒருத்தருக்கு பூதக்கண்ணாடி இன்னொருத்தருக்கு கண்ணை மூடிக்கறதுன்னு இருக்கக் கூடாது. முதல் நடுவர் கிட்ட அந்த பட்டர் பேப்பரை நேர்ல எடுத்துட்டுப் போய் திருப்பிக் காட்டு, வாய்ல சொன்னா புரியாது.

வாசல்தெளி
அவர் எங்க பிளாக்லதான் மூணாவது மாடி, சாயங்காலம் குண்டூசியோட போறேன். படம் 7 போட்டவங்களுக்கு அந்த இடத்தை வட்டம் போட்டு அனுப்பினேன், "நாளைக்கு அதே கோலத்தை திரும்பப் போடறேன், போட்டிக்கு இல்ல, எனக்கே தெரியணும்"னு பதில் வந்துச்சு. ஸ்டூல் போட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன், வந்ததும் இங்க போடறேன்.